சிவப்பு தொலைந்த கடல் வீடியோ: ஃபில்டரா, லைட்டா, எடிட்டிங்கா?

பாண்டியில் படகேறி டைவிங் போய்வந்த பலர் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு வார்த்தையில் கேட்கிறார்கள். கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்தது, வீடியோவில் பார்த்தால் எல்லாம் பாசி பிடித்த பச்சையாக இருக்கிறது, அடுத்த முறை சிவப்பு ஃபில்டர் வாங்கவா, லைட் வாங்கவா, இல்லை இருக்கிற வீடியோவையே எடிட்டிங்கில் சரிசெய்துவிட முடியுமா? மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு, மூன்று பேர் சொல்வதும் ஏதோ ஓர் இடத்தில் சரிதான். அந்தமான் தண்ணீரில் எடுத்தவர் சொல்லும் யோசனை கடலூர், பாண்டி தண்ணீருக்குப் பொருந்தாமல் போவதுதான் குழப்பத்துக்குப் பாதிக் காரணம்.

அதனால் எதை வாங்குவது என்பதற்கு முன்னால், எதை வைத்து முடிவெடுப்பது என்று பார்த்துவிடுவோம்.

## முடிவெடுக்க நான்கு விஷயங்கள்

வெளிச்சம் தண்ணீருக்குள் கடந்த மொத்தத் தூரம். எல்லோரும் ஆழத்தை மட்டும் கணக்கில் வைக்கிறார்கள். வெளிச்சம் மேலிருந்து மீன் வரைக்கும் இறங்குகிறது, அப்புறம் மீனிலிருந்து கேமரா வரைக்கும் வருகிறது. இரண்டையும் கூட்ட வேண்டும். சுத்தமான தண்ணீரிலேயே 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள அசல் சிவப்பு ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கு ஒருமுறை பாதியாகிவிடும். 600 நானோமீட்டரில் இருக்கும் ஆரஞ்சு கலந்த சிவப்பு சுமார் மூன்று மீட்டருக்கு ஒருமுறை பாதியாகும். பத்து மீட்டர் கடந்தால் ஐந்து முறை பாதியாகி, அசல் சிவப்பில் முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிச்சம். பதினெட்டு மீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. பச்சை அதே பத்து மீட்டரில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தப்பித்துவிடும், நீலம் பெரிதாகக் குறையவே குறையாது.

தண்ணீரின் நிறமும் கலங்கலும். மேலே சொன்னது சுத்தமான தண்ணீருக்கான கணக்கு. நம் பக்கத்தில் தென்பெண்ணையும் கெடிலமும் சங்கராபரணியும் கடலில் கலக்கின்றன. வாடைக்காற்று மழை முடிந்த கையோடு வண்டல் இறங்கியிருக்கும். தண்ணீரில் மிதக்கும் நுண்பாசிகளும் கரைந்திருக்கும் மக்கிய தாவரப் பொருட்களும் நீலத்தையும் தின்றுவிடுவதால் மிஞ்சுவது பச்சை. லட்சத்தீவு வீடியோ நீலமாகவும் நம்முடையது பச்சையாகவும் இருப்பது இதனால்தான். இந்த வித்தியாசம் ஃபில்டர் வாங்கும்போது பெரிதாக வந்து நிற்கும்.

உபரி வெளிச்சம் இருக்கிறதா. அதாவது கேமரா வசதியாக மூச்சுவிடுகிறதா, இல்லை வெளிச்சம் பற்றாமல் ஐஎஸ்ஓ என்ற உணர்திறன் அளவை ஏற்கெனவே மேலே தள்ளித் தடுமாறுகிறதா. ஃபில்டர் விற்பவர்கள் இதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள்.

எதை, எவ்வளவு அருகிலிருந்து எடுக்கிறீர்கள். பாறை இடுக்கில் இருக்கும் கலவா மீனா, இல்லை திட்டு முழுவதும் தெரியும் அகலமான காட்சியா.

கேமரா எட்டு பிட்டில் பதிகிறதா, பத்து பிட்டில் பதிகிறதா என்பதும் முக்கியம்தான். அதை எடிட்டிங் பகுதியில் சொல்கிறேன், மற்ற இரண்டுக்கும் அது அவ்வளவாக ஒட்டாது.

## லென்ஸ் முன்னால் ஃபில்டர்

ஃபில்டர் சிவப்பைக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. அது பச்சையையும் நீலத்தையும் வெட்டுகிறது, அவ்வளவுதான். தண்ணீர் தின்றது தின்றதுதான். அப்புறம் எப்படி அதனால் படம் நன்றாக வருகிறது?

கேமரா எக்ஸ்போஷரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பச்சையை வைத்து. பச்சை நிரம்பி வழியாமல் இருக்க ஷட்டரை வேகமாக வைக்கிறது, அதே ஷட்டரில் பாவம் சிவப்புக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை. பச்சையை ஃபில்டர் வெட்டிவிட்டால் கேமரா ஷட்டரை மெதுவாக்கும். 1/500 இருந்தது 1/125 ஆகும். இப்போது சிவப்பும் நான்கு மடங்கு நேரம் வெளிச்சம் வாங்குகிறது, இரண்டு ஸ்டாப் லாபம். இது உண்மையான லாபம், எடிட்டிங்கில் எந்த வித்தையாலும் கிடைக்காதது.

ஆனால் இந்த லாபம் ஷட்டரை மெதுவாக்க இடம் இருக்கும்போது மட்டும்தான். மேகமூட்டம், கலங்கல், பதினைந்து மீட்டர் என்று இருந்தால் கேமரா ஏற்கெனவே 1/50இல் நின்று ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் ஃபில்டர் போட்டால் ஷட்டர் அசையாது, ஐஎஸ்ஓ இன்னும் ஏறும். சிவப்புக்குக் கூடுதலாக ஒரு துளி வெளிச்சமும் வராது, நன்றாக இருந்த பச்சையும் நீலமும்கூட மணல் தூவியதுபோல் ஆகிவிடும். நிறம் கொஞ்சம் சரியாகத் தெரிவதால் படம் தேறிவிட்டதாகத் தோன்றும். பெரிய திரையில் போட்டுப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். போன முறை எடுத்த வீடியோவின் மெட்டாடேட்டாவைத் திறந்து ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓவும் என்னவென்று பாருங்கள், சில கேமராக்கள் இதை ஃபைலிலேயே பதிந்து வைக்கின்றன. அந்த விவரம் இல்லையென்றால் படத்தை நிறுத்தி வேகமாக நீந்தும் மீனைப் பாருங்கள். வால் கூர்மையாக உறைந்து நின்றால் ஷட்டர் வேகமாக இருந்திருக்கிறது, ஃபில்டருக்கு இடம் உண்டு. வால் இழுபட்டு, நிழல்களில் புள்ளி புள்ளியாக இரைச்சலும் இருந்தால் இடம் இல்லை.

அடுத்து நிறம். கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் சிவப்பு ஃபில்டர், அது நீலத் தண்ணீருக்கானது. பச்சைத் தண்ணீருக்கு மெஜந்தா. பச்சைத் தண்ணீரில் சிவப்பு ஃபில்டரைப் போட்டால், ஏற்கெனவே குறைந்திருக்கும் நீலத்தையும் வெட்டி, பழைய சாயத் துணி போன்ற மஞ்சள் பழுப்பில் கொண்டுபோய் நிறுத்தும். பாண்டியில் சில நாள் தண்ணீர் கண்ணாடி மாதிரி நீலமாக இருக்கும், அடுத்த வாரமே பச்சை. ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்குவேன் என்றால் நம் பக்கத்துக்கு மெஜந்தா என்றுதான் சொல்வேன்.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. மூன்று நான்கு மீட்டருக்கு மேலே வந்ததும் படம் சிவந்துவிடும், கழற்றியாக வேண்டும். கழற்றும் வகையாக இல்லாமல் உள்ளே ஒட்டும் வகை என்றால் டைவ் முழுக்க மாட்டிக்கொள்வீர்கள். ஃபில்டருக்கும் ஹவுசிங் கண்ணாடிக்கும் நடுவில் காற்றுக்குமிழி ஒன்று சிக்கினால் அந்த டைவ் முழுக்க படத்தின் நடுவில் ஒரு வட்டம் மிதக்கும், அதனால் தண்ணீருக்குள் இறங்கியதும் ஒருமுறை தூக்கிவிட்டு மூடுவது நல்லது. லைட்டோடு சேர்த்து இதைப் போடவே கூடாது. லைட் பட்ட மீன் மட்டும் மிளகாய்ப்பழமாகிவிடும்.

எப்போது எடுக்கலாம் என்றால்: வெயில் உச்சியில் இருக்கும் நேரம், ஐந்திலிருந்து பன்னிரண்டு மீட்டர், தெளிந்த தண்ணீர், அகலமான காட்சி, எடிட்டிங்கில் உட்கார உங்களுக்குப் பொறுமை இல்லை.

## லைட்

உண்மையிலேயே சிவப்பைத் தண்ணீருக்குள் கொண்டுபோவது இது ஒன்றுதான். மேலேயிருந்து வரும் வெளிச்சம் பன்னிரண்டு மீட்டர் இறங்கி வருகிறது. உங்கள் கையிலிருக்கும் லைட்டின் வெளிச்சம் அரை மீட்டர் போய் அரை மீட்டர் திரும்பினால் போதும், ஒரு மீட்டரில் சிவப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் இழக்கும். சங்கரா மீன் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் கூடையில் கிடக்கும்போது இருக்கும் அந்த இளஞ்சிவப்பு, பதினைந்து மீட்டரில் லைட் இல்லாமல் எந்தக் கேமராவுக்கும் தெரியாது. லைட் போட்டால் அப்படியே தெரியும்.

சிக்கல் தூரத்தில்தான். ஒரு மீட்டரில் இருக்கும் மீனுக்குப் போய்த் திரும்ப இரண்டு மீட்டர், சிவப்பு பாதி. அதே மீன் இரண்டு மீட்டருக்குத் தள்ளிப்போனால் விரிவதாலேயே வெளிச்சம் நான்கில் ஒன்றாகிறது, அதற்கு மேல் நான்கு மீட்டர் தண்ணீர் சிவப்பை இன்னொரு முறை பாதியாக்குகிறது. மொத்தத்தில் தூரம் இரட்டிப்பானால் திரும்பி வரும் சிவப்பு எட்டில் ஒன்றாகிவிடுகிறது. அதனால் இன்னும் சக்திவாய்ந்த லைட் வாங்கினால் இன்னும் தூரம் போகும் என்ற நம்பிக்கையில் பணத்தைக் கொட்ட வேண்டாம். எட்டு மடங்கு லூமன் கொடுத்தாலும் ஒரு மீட்டர்தான் கூடுதலாகக் கிடைக்கும்.

இன்னொன்று, உச்சி வெயிலில் ஐந்து மீட்டரில் சின்ன லைட் சூரியனோடு போட்டி போட முடியாது. எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. லைட் நன்றாக வேலை செய்வது சுற்றிலும் மங்கலாக இருக்கும்போது. ஃபில்டர் தோற்கும் இடத்தில்தான் லைட் ஜெயிக்கிறது, அந்த வகையில் இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றே இல்லை, வேறு வேறு ஆழத்துக்கான கருவிகள்.

நம் தண்ணீரில் பெரிய தொல்லை மிதக்கும் துகள்கள். லைட்டைக் கேமராவுக்கு மேலேயே மாட்டினால் லென்ஸுக்கு முன்னால் இருக்கும் துகள் எல்லாம் மின்னி, பனி கொட்டுவதுபோல் ஆகிவிடும். கேமராவோடு சேரும் நீட்டுக் கைகளில் லைட்டைப் பொருத்தி இரண்டு பக்கமும் அகலமாகத் தள்ளிவைத்து, நேராக மீனைப் பார்க்காமல் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பினால், ஒளிக்கற்றையின் உள்விளிம்பு மட்டும் மீனின் மேல் படும். லென்ஸுக்கும் மீனுக்கும் இடையே இருக்கும் தண்ணீர் இருட்டாகவே இருக்கும். ஒரே ஒரு லைட் இருப்பவர்கள் அதை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்தாலே பாதித் தொல்லை குறையும். கலங்கல் அதிகமான நாளில் எப்படிப் பிடித்தாலும் பனிதான், அன்றைக்கு அணைத்துவிடுவது மேல்.

செலவு லைட்டோடு முடிவதில்லை. கை, பிடி, இரண்டாவது பேட்டரி, சார்ஜர், ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் ஊறவைத்தல், ஓ-ரிங்கில் மணல் ஒரு துகள் இருந்தாலும் உள்ளே தண்ணீர். விமானத்தில் போகும்போது லித்தியம் பேட்டரியைக் கையில் எடுத்துச்செல்லும் பையில்தான் வைக்க வேண்டும். கேமராவில் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் 5500K பக்கத்தில் பூட்டுங்கள், இல்லையென்றால் கேமரா பின்னணிப் பச்சையைச் சரிக்கட்டப் போய், லைட் பட்ட மீனை ஆரஞ்சாக்கிவிடும்.

## எடிட்டிங்கில் சரிசெய்வது

பெரும்பாலானோர் முதலில் தொடுவது ஒயிட் பேலன்ஸ் ஸ்லைடர். அதைக் கடைசி வரை இழுத்தும் பச்சை போகவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ஸ்லைடர் செய்வது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களின் அளவை மாற்றுவது மட்டும்தான், இங்கே அது சிவப்பைப் பெருக்குகிறது. சேனலில் இருப்பதே கொஞ்சம் என்றால், கூடவே இருக்கும் இரைச்சலும் அதே அளவு பெருகும். எட்டு பிட் ஃபைலில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். சிவப்பு அதில் அடியில் இருபது முப்பது படிகளுக்குள் முடங்கியிருந்தால், இழுத்து நீட்டும்போது படிகளுக்கு நடுவே இடைவெளி விழும், பாறையின் நிழலில் கட்டம் கட்டமாகத் தெரியும். பத்து பிட்டில் 1024 படிகள், அங்கே இன்னும் கொஞ்சம் தாங்கும்.

அதனால் எதையும் தொடுவதற்கு முன் சிவப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். Scopes திறந்து Parade வைத்தால் மூன்று சேனலும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். சிவப்புப் பட்டை அடியில் இருந்தாலும் அதற்குள் மேடு பள்ளம் தெரிந்தால், பாறையும் மீனும் வேறு வேறு உயரத்தில் இருந்தால், சிவப்பு உயிரோடு இருக்கிறது, பெருக்கலாம். தரையோடு தரையாக ஒரு கோடாக ஒட்டிக் கிடந்தால் அங்கே பெருக்க ஒன்றுமில்லை.

கோடாகக் கிடக்கும் நிலையில் இருக்கும் ஒரே வழி பச்சையிலிருந்து கடன் வாங்குவது. RGB Mixer செய்வது அதைத்தான். பச்சை சேனல் சுத்தமானது, இரைச்சல் குறைவு, உருவமெல்லாம் அதில் இருக்கிறது. அதில் ஒரு பங்கை எடுத்துச் சிவப்பில் சேர்த்தால் சாம்பல் நிறப் பாறை சாம்பலாகிவிடும், தோல் தோலாகிவிடும். ஆனால் கடன் கடன்தான். சங்கராவின் சிவப்புத் தோல் பச்சை வெளிச்சத்தைப் பெரிதாகத் திருப்பி அனுப்புவதில்லை, அதனால் பச்சை சேனலில் அது கருப்பாகத்தான் இருக்கும். அந்தக் கருப்பைக் கடன் வாங்கிச் சிவப்பில் வைத்தால் மீன் பழுப்பாகத்தான் தெரியும், சிவப்பாகாது. வீடியோ சமநிலைக்கு வரும், தொலைந்த சிவப்பு வராது. இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

### ஒரு கிளிப்பை முழுதாகப் பார்ப்போம்

ஆக்‌ஷன் கேமரா, எட்டு பிட், ஃபில்டரும் இல்லை லைட்டும் இல்லை, சுமார் 12 மீட்டர். பாண்டிக்கு வெளியே கான்கிரீட் கட்டைகளைப் போட்டு உருவாக்கிய செயற்கைத் திட்டுகளில் எடுப்பதில் ஒரு வசதி உண்டு: அந்தக் கான்கிரீட்டே உங்கள் சாம்பல் அட்டை. பாசி படராத ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ரிசால்வின் 0 முதல் 1023 வரையிலான அளவில் அந்த முகம் சிவப்பு 110, பச்சை 520, நீலம் 430 என்று காட்டுகிறது. கான்கிரீட் என்றால் மூன்றும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும்.

சிவப்பை மட்டும் பெருக்கிப் பச்சையைத் தொட வைக்க வேண்டுமானால் 4.7 மடங்கு. எட்டு பிட்டில் இது தாங்காது. அதற்குப் பதிலாக Mixer-இல் சிவப்பு வெளியீட்டில் சிவப்பு 1.1, பச்சை 0.66 என்று வையுங்கள். 110இலிருந்து 121 வருகிறது, 520இலிருந்து 343 வருகிறது, கூட்டினால் 464. பச்சையை 0.9 ஆகக் குறைத்தால் 468. நீலத்தை 1.09 ஆக உயர்த்தினால் 469. மூன்றும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன, சிவப்பின் அசல் இரைச்சல் வெறும் பத்து சதவீதம்தான் கூடியிருக்கிறது. Preserve Luminance என்ற பெட்டியில் டிக்கை எடுத்துவிடுங்கள், இருந்தால் மென்பொருள் தன் பங்குக்கு எண்களை மாற்றி, கணக்கு இப்படி நேராக நிற்காது.

ரிசால்வ் ஓடாத பழைய லேப்டாப் என்றால் இதே கணக்கை ffmpeg என்ற கட்டளைவரி மென்பொருளிலும் கொடுக்கலாம்:

```
ffmpeg -i in.mp4 -vf "colorchannelmixer=rr=1.1:rg=0.66:gg=0.9:bb=1.09" -c:v libx264 -crf 16 -pix_fmt yuv420p -c:a copy out.mp4
```

`-pix_fmt yuv420p` என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் கணினியில் நன்றாக ஓடும் ஃபைல் பல போன்களில் திறக்காது.

இப்போது முன்னால் இருக்கும் கட்டை சரியாகிவிட்டது, பின்னால் பாருங்கள். தூரத்துத் தண்ணீர் சாம்பலாகவோ ஊதாவாகவோ மாறியிருக்கும். காரணம் அதே தூரக் கணக்கு. கட்டை ஒன்றரை மீட்டரில் இருக்கிறது, பின்னணியிலிருந்து வருவதோ வெறும் தண்ணீர் சிதறடித்த ஒளி. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒன்று கெடும். ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் தனித்தனியாகத் திருத்தலாம், தெர்யா அக்காய்னாக்கும் தாலி ட்ரைபிட்ஸும் 2019இல் வெளியிட்ட Sea-thru முறை அப்படித்தான் செய்கிறது. ஆனால் அதற்குத் தூர வரைபடம் வேண்டும், நம் டைவ் வீடியோவில் அது கிடையாது.

நாம் செய்யக்கூடியது தண்ணீரைத் தனியாகப் பிரிப்பது. தெளிந்த நீலத் தண்ணீர் என்றால் Qualifier-இல் அந்த நிறத்தைக் கிளிக் செய்து, தேர்வைத் திருப்பிப் போட்டு, திருத்தம் மற்ற இடத்துக்கு மட்டும் போகும்படி செய்யலாம். நம் பச்சைத் தண்ணீரில் இது சொதப்பும், பாறையும் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே பச்சையில் இருப்பதால் மென்பொருளுக்குப் பிரிக்கத் தெரியாது, விளிம்பெல்லாம் அரித்துப்போகும். அங்கே படத்தின் ஒரு பகுதியை மட்டும் வடிவமாக வளைத்துப் பிடிக்கும் Power Window-வை, விளிம்பை நன்றாக மிருதுவாக்கி, மேல்பாதியில் வைத்து, அந்தப் பகுதியில் திருத்தத்தைப் பாதியாகக் குறைப்பது போதும். அதுவும் வேண்டாம் என்றால் மொத்தத் திருத்தத்தின் பலத்தையே 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். கடலுக்கடியில் எடுத்த வீடியோவில் கொஞ்சம் பச்சை மிஞ்சுவது குற்றமில்லை. முழுதும் துடைத்தால் மீன் காற்றில் மிதப்பதுபோல் இருக்கும்.

### இதில் மறைந்திருக்கும் செலவு

நேரம். ஆழம் மாறினால் எண்கள் மாறும், தூரம் மாறினால் மாறும், அதனால் ஒரு கிளிப்புக்குப் போட்டது அடுத்ததற்கு அப்படியே ஒட்டாது. இதைவிட மோசமானது கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ். ஒரே கிளிப்புக்குள் நீங்கள் திரும்பும்போது அது நிறத்தை மாற்றிக்கொண்டே போயிருக்கும், முதல் விநாடிக்குச் சரியான திருத்தம் பத்தாவது விநாடியில் தவறு. கோப்ரோவில் ஒயிட் பேலன்ஸை Native-இல் வைத்துவிட்டு இறங்கினால் இந்தத் தலைவலி இல்லை, கேமரா தன் இஷ்டத்துக்கு எதையும் செய்யாது. பத்து பிட் வசதி இருக்கும் மாடல் என்றால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். எழுதும் வெள்ளைப் பலகை இருந்தால் ஒவ்வொரு இடத்திலும் முதலில் அதை மீன் இருக்கும் தூரத்தில் இரண்டு விநாடி காட்டிவிடுங்கள், கான்கிரீட் தேடும் வேலை மிச்சம்.

இரைச்சல் குறைக்கும் வசதி ரிசால்வின் இலவசப் பதிப்பில் இல்லை, காசு கொடுக்கும் Studio பதிப்பில்தான் இருக்கிறது. சிவப்பைப் பெருக்குவதற்குப் பதில் கடன் வாங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

## ஒரே பொத்தான் போன் ஆப்கள்

இவை ஒவ்வொரு சேனலையும் அடியிலிருந்து நுனி வரை இழுத்து நிரப்புகின்றன. வாட்ஸப்பில் படகிலிருந்தே அனுப்ப ஒரு போட்டோ என்றால் தாராளமாக. வீடியோவில் வெள்ளை ஃபின் போட்ட ஒருவர் குறுக்கே போனதும் மொத்த நிறமும் ஒரு குதி குதிக்கும், அவர் போனதும் திரும்பக் குதிக்கும். நீளமான வீடியோவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஃபில்டர் | லைட் | எடிட்டிங் |
|---|---|---|---|
| அசல் சிவப்பு கூடுமா | உபரி வெளிச்சம் இருந்தால் | கூடும், ஒரு மீட்டருக்குள் | கூடாது |
| நல்ல ஆழம் | 5 முதல் 12 மீட்டர் | எந்த ஆழமும், மங்கலாக இருந்தால் | சிவப்பு மிஞ்சியிருக்கும் வரை |
| கலங்கல் தண்ணீரில் | இரைச்சல் | துகள் மின்னும் | தண்ணீரைப் பிரிக்க முடியாது |
| அகலமான காட்சி | சரி | பயனில்லை | சரி |
| வலிக்கும் செலவு | மேலே வரும்போது கழற்றுவது | பேட்டரி, கை, பராமரிப்பு | நேரம் |

பாண்டி, கடலூர் பக்கம் மட்டும் டைவ் செய்பவருக்கு என் வரிசை இது. முதலில் எடிட்டிங், அதற்குக் காசு இல்லை, கையில் இருக்கும் பழைய கிளிப்களும் தேறும். அடுத்துக் காசு செலவழிப்பதென்றால் ஒரு நல்ல லைட், ஏனென்றால் சுமார் 18 மீட்டரில் இருக்கும் டெம்பிள் ரீஃப் மாதிரி இடங்களில் அகலமான காட்சி எப்படியும் மங்கலாகத்தான் இருக்கும், அங்கே அருகில் போய் எடுத்தால்தான் எதுவுமே தெரியும். ஃபில்டர் கடைசி. அதே ஆள் அடிக்கடி லட்சத்தீவோ அந்தமானோ போகிறவர் என்றால் ஃபில்டரை இரண்டாவது இடத்துக்கு ஏற்றிவிடலாம், அதுவும் சிவப்பு ஃபில்டராக.

## வீட்டு மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு

அறிகுறி ஒன்றாகத் தெரிந்தாலும் நோய் வேறு. தொட்டியில் அரை மீட்டர் தண்ணீர் தின்னும் சிவப்பு ஆறில் ஒரு பங்குதான், அது கேமராவுக்கு ஒரு பொருட்டே இல்லை. அங்கே சிவப்பு தண்ணீரில் தொலையவில்லை, எல்இடியிலேயே இல்லை. பவளத் தொட்டிகளுக்குப் போடும் லைட்டில் 450 நானோமீட்டர் நீலம்தான் பெரும்பங்கு. இல்லாத சிவப்பை Mixer கடன் வாங்கித்தான் காட்டும், மேலே சொன்ன அதே பழுப்பு.

எனவே எடுக்கும் அரைமணி நேரத்துக்கு லைட்டின் நீலச் சேனலை இறக்கி வெள்ளையை ஏற்றுங்கள், கன்ட்ரோலரில் அந்த வசதி இருந்தால் வேறு எதுவும் வாங்க வேண்டாம். நீலத்தில் ஒளிரும் பவளத்தையே காட்ட வேண்டும் என்றால் மட்டும் லென்ஸ் முன்னால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு ஃபில்டர். அது நீலத்தைத் தடுத்து, பவளம் தானாக உமிழும் பச்சையையும் சிவப்பையும் விடும். அப்போது எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள், ஒளிரும் நிறத்தின் சேனல் ஒருமுறை நிரம்பி வழிந்துவிட்டால் அந்தப் பவளத்தின் மேல்தோல் விவரம் எடிட்டிங்கில் திரும்பாது. சாதாரணச் செடித் தொட்டி என்றால் தண்ணீருக்குள் ஒரு வெள்ளை அட்டையை இறக்கி அதை வைத்து ஒயிட் பேலன்ஸ் எடுத்தாலே முடிந்தது. படத்தில் கிடைக்கோடுகள் ஓடினால் அது நிறப் பிரச்சினை இல்லை, லைட் மினுக்குவது. ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்துங்கள், அப்படியும் ஓடினால் லைட்டின் டிம்மரை முழு அளவுக்கு ஏற்றிவிட்டுக் கேமராவில் குறைத்துக்கொள்ளுங்கள்.